பரணில் கிடைத்த அரிவாளில் எஃகு எவ்வளவு மிச்சம்?

"திருவாரூர் பக்கம் தாத்தா வீட்டைப் பிரிக்கும்போது பரணில் மூன்று சாமான் கிடைத்தது. பல்லு பல்லாக இருக்கும் வளைந்த அரிவாள் ஒன்று, முக்கால் கிலோவுக்கு மேல் கனக்கும் அரிவாள் ஒன்று, காம்பில்லாத மண்வெட்டி ஒன்று. மூன்றிலும் துரு. ஒருத்தர் லாரியின் ஸ்பிரிங் பட்டை என்கிறார், இன்னொருத்தர் பழைய உருக்கு, இப்போது கிடைக்காது என்கிறார். வடிவத்தையும் இரும்பையும் பார்த்து எப்படித் தெரிந்துகொள்வது? இன்னும் உழைக்குமா, புதுசு வாங்கிவிடட்டுமா? படம் போட்டிருக்கிறேன்."

முதலில் ஒன்று. மூன்றையும் அடுப்பில் வைக்காதீர்கள், கிரைண்டரிலும் கொடுக்காதீர்கள். உளுத்துப்போன பிடியை எடுக்கிறேன் என்று பழைய அரிவாளை அப்படியே விறகடுப்பில் செருகுவது எல்லா ஊரிலும் நடக்கிறது. பிடி எரிந்து விழுந்துவிடும், கூடவே அரிவாளின் பதமும் போய்விடும். பார்க்க எந்த மாற்றமும் தெரியாது, அதே வளைவு, அதே கனம், ஆனால் தீட்டினால் கூர் அரை மணி நேரம் நிற்காது. அப்படி வந்த அரிவாள்களை எங்கள் அப்பாவின் கொல்லுப்பட்டறையில் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். பிறகு கோயம்புத்தூரில் இரும்புக்குப் பதம் ஏற்றும் பட்டறை ஒன்றில் 11 வருஷம் வேலை பார்த்தபோதுதான் அது ஏன் என்று முழுசாகப் புரிந்தது. நான் சொல்வது இந்த இரண்டு இடத்திலும் கற்றது.

படத்தை வைத்து வடிவத்தைச் சொல்லிவிடலாம், இரும்பைச் சொல்ல முடியாது. படத்தைப் பார்த்து "இது லாரிப் பட்டைதான்" என்று ஒருவர் அடித்துச் சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் வீட்டிலேயே ஒரு அரம், ஒரு எலுமிச்சம்பழம், கொஞ்சம் மண்ணெண்ணெய், சாக்பீஸ் தூள் இவற்றை வைத்து நீங்கள் கேட்டதில் பெரும்பகுதியைக் கண்டுபிடித்துவிடலாம்.

வளைந்த அரிவாள் கருக்கரிவாள், அதில் சந்தேகமே இல்லை. பனைமட்டை ஓரத்தில் ரம்பம் மாதிரி இருக்கிறதே, அதற்குத்தான் கருக்கு என்று பெயர், அதே பெயர்தான் இந்தப் பல்லுக்கும். நெல் அறுப்பதற்கென்றே செய்தது. ஒரு பிடி தாளை இடது கையில் சேர்த்துப் பிடித்து, அரிவாளைத் தன் பக்கமாக இழுப்பார்கள். வெட்டுவதில்லை, இழுத்து அறுப்பது. அதனால்தான் தகடு ஒடுங்கலாக, மெல்லிசாக, பிறை மாதிரி இருக்கிறது, பல்லும் பிடியைப் பார்த்துச் சாய்ந்திருக்கிறது. விரலை நுனியிலிருந்து பிடிப் பக்கம் மெதுவாக ஓட்டினால் வழுக்கும், பிடியிலிருந்து நுனிப் பக்கம் ஓட்டினால் பிடிக்கும், கவனமாகச் செய்து பாருங்கள். இதே பிறை வடிவத்தில் பல் இல்லாமல் மொழுக்கென்று இருந்தால் அது புல் அறுக்கவும் கீரை, தழை அறுக்கவும் வைத்திருப்பது. அதை அடிக்கடி தீட்ட வேண்டும். கருக்கரிவாளை அப்படித் தீட்ட வேண்டியதில்லை.

இரண்டாவது வெட்டரிவாள். முதுகு தடித்து, தகடு பெரும்பாலும் நேராகப் போய் நுனியில் மட்டும் மூக்கு மாதிரி வளைகிறது. கிளை கழிக்க, முள் வெட்ட, தேங்காய் மட்டை பிளக்க. கனம் எங்கே சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள், பிடியை விட்டுத் தள்ளி, தகட்டின் முன்பாதியில் இருக்கும். ஓங்கிப் போடும்போது கையின் பலத்தோடு அந்தக் கனமும் சேர்ந்து வேலை செய்யத்தான் அப்படி. நுனி மூக்கு கிளையை இழுத்துப் பிடிக்க, கொடியை ஒதுக்க. அரிவாள் என்றதும் எல்லோருக்கும் சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்திதான் ஞாபகம் வரும், ஆனால் உங்களுடையது அங்கே அடித்ததா உள்ளூர்ப் பட்டறையில் அடித்ததா என்பதை வடிவத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. நல்ல வடிவத்தைப் பார்த்து அடுத்த ஊர் ஆசாரியும் அடிப்பார்.

சரி, இரும்புக்கு வருவோம். நாம் இரும்பு என்று சொல்வதில் கரி எவ்வளவு கலந்திருக்கிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கரி கால் சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால் அது ஆணி, ஜன்னல் கம்பி, சாதாரணத் தகடு. காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தாலும் கூர் தாங்கும் அளவுக்குக் கடினமாகாது. அரை சதவீதத்தை நெருங்கினால்தான் தோய்ச்சல் சரியாக ஏறும். லாரிப் பட்டை 0.5 முதல் 0.6 சதவீதம் வரை இருக்கும், அதோடு சிலிக்கானோ குரோமியமோ மாங்கனீஸோ சேர்ந்திருக்கும். அரம் 1 சதவீதத்தையும் தாண்டும். ஆனால் கரி இருந்தால் மட்டும் போதாது. அதே பட்டையைச் சிவக்கக் காய்ச்சித் தானாக ஆறவிட்டால் மெத்தென்று ஆகிவிடும், சட்டென்று குளிரவைத்தால் கண்ணாடி மாதிரி ஆகும், அதற்குப் பிறகு மிதமாகச் சூடேற்றினால்தான் வெட்டும் பதம் வரும். எங்கள் பக்கம் இதைத் தோய்ச்சல் என்பார்கள், துவைச்சல் என்றும் சொல்வார்கள். ஆக "என்ன இரும்பு" என்ற கேள்வியைவிட "கூர்ப்பக்கத்தில் பதம் இருக்கிறதா, எவ்வளவு அகலத்துக்கு இருக்கிறது" என்பதுதான் உங்களுக்கு உபயோகமான கேள்வி. ஏனென்றால் கையால் அடித்த வெட்டரிவாளில் ஆசாரி தகடு முழுவதையும் தோய்ப்பதில்லை. கூர்ப்பக்கம் ஒரு விரல், ஒன்றரை விரல் அகலத்தை மட்டும் தோய்ப்பார், முதுகை மெத்தென்று விடுவார், அடி தாங்க வேண்டும் என்பதற்காக. வருஷக்கணக்காகத் தீட்டித் தீட்டி அந்த ஒரு விரல் அகலம் தேய்ந்துபோனால், மிச்சமிருக்கும் தகடு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அது வெறும் இரும்புதான்.

அந்த அகலத்தைக் கண்ணால் பார்க்கவே வழி இருக்கிறது. முதலில் துருவை எடுங்கள். மண்ணெண்ணெயில் ஒரு ராத்திரி ஊறவிட்டு, செங்கல் தூளோ இரும்பு நாரோ போட்டுத் தேய்த்தால் வந்துவிடும். பிறகு வெட்டரிவாளின் நடுப்பகுதியில், கூரிலிருந்து முதுகு வரைக்கும், மூன்று விரல் அகலத்துக்கு உப்புத்தாளால் பளபளவென்று ஆகும்வரை தேயுங்கள், கடைசியில் நைஸ் தாள் போட வேண்டும். சோப்புப் போட்டுக் கழுவி எண்ணெய்ப் பசை துளியும் இல்லாமல் துடைத்துவிட்டு, எலுமிச்சை மூடியால் நன்றாகத் தடவி ஒரு கால் மணி நேரம் அப்படியே ஈரமாக வைத்திருங்கள். வினிகரும் ஆகும், புளிக்கரைசலும் ஆகும், கொஞ்சம் நேரம் பிடிக்கும். கழுவித் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்.

மூன்றில் ஒன்று தெரியும். கூரோரமாகக் கருஞ்சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை ஓடி, கோடு கிழித்த மாதிரி சட்டென்று முடிந்து, அதற்கு மேலே வெளிறிய இரும்பில் மரத்தின் ரேகை மாதிரி நீளவாக்கில் இழைகள் தெரிந்தால், உங்களுடையது பழைய முறையில் செய்தது. இழை இழையாகத் தெரியும் அந்த இரும்பு, உலையில் அடித்தடித்துச் சுத்தம் செய்த பழைய இரும்பு, இப்போது விற்பனைக்கென்று யாரும் அதைத் தயாரிப்பதில்லை. மெத்தென்ற அந்த இரும்பில் கூருக்கு மட்டும் எஃகுத் துண்டு ஒன்றைக் காய்ச்சி அடித்து ஒட்டியிருப்பார்கள். எஃகு விலை அதிகமாக இருந்த காலத்தில் கோடரிக்கும் இப்படித்தான். இந்தப் படம் தெரிந்தால் அரிவாள் உண்மையிலேயே பழசு என்று தைரியமாகச் சொல்லலாம். அந்தக் கருத்த பட்டை எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறதோ அதுதான் அரிவாளின் மிச்ச ஆயுள்.

இரண்டாவது, கூர்ப்பக்கம் கொஞ்சம் கருத்து, மேலே போகப் போக மேகம் கலைகிற மாதிரி நிறம் மாறி, கோடாக இல்லாமல் முடிகிறது, இழை எதுவும் இல்லை. அப்படியானால் தகடு முழுவதும் ஒரே எஃகு, கூர் மட்டும் தோய்த்தது. லாரிகள் ஊர்ப்பக்கம் பெருகிய பிறகு அடித்த அரிவாள்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். லாரிப் பட்டைக்குத் தனி அடையாளம் சில உண்டு. முதுகின் ஓரம் சில இடங்களில் சம்மட்டி படாமல் இயற்கையாகவே உருண்டையாக இருக்கும், பட்டையின் ஓரம் ஆலையிலிருந்தே அப்படித்தான் வருகிறது. பட்டையின் நடுவில் போல்ட் போடும் ஓட்டை ஒன்று இருக்கும், அதை அடித்து மூடியிருந்தாலும் வட்டமான தழும்பு மாதிரி சில அரிவாள்களில் தெரியும். அது தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். தெரியாவிட்டால் லாரிப் பட்டை இல்லை என்று அர்த்தமில்லை, ஆசாரி அந்த இடத்தை வெட்டி ஒதுக்கியிருப்பார்.

மூன்றாவது, மேலிருந்து கீழ்வரை ஒரே நிறம். இதில்தான் ஏமாந்துபோவோம், ஏனென்றால் இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். மொத்தத் தகடும் பதமேறியிருக்கலாம், அல்லது எங்குமே பதம் இல்லாமல் இருக்கலாம். பதம் இல்லாததற்கு சாதாரண இரும்பு என்பது ஒரு காரணம், நல்ல எஃகை யாரோ அடுப்பில் போட்டுக் கெடுத்தது இன்னொரு காரணம். இங்கேதான் அரம் வேண்டும்.

ரம்பம் தீட்டும் சின்ன முக்கோண அரம் ஒன்று, புதுசாக இருக்க வேண்டும். முதலில் அரிவாளின் முதுகில் லேசாக ஒரு தள்ளு. அரம் கடித்து இழுக்கும், தூள் வரும். அந்தப் பிடிமானத்தைக் கையில் ஞாபகம் வைத்துக்கொண்டு, கூரை ஒட்டி அதே அழுத்தத்தில் ஒரு தள்ளு. முதுகில் கடித்த மாதிரியே இங்கேயும் தாராளமாகக் கடித்தால் கூரில் பதம் இல்லை. கண்ணாடி மேல் போகிற மாதிரி சர்ரென்று வழுக்கிக்கொண்டு போனால் தேவைக்கு மேல் கடினம், வெட்டரிவாள் என்றால் முள்ளுக் கட்டையில் போட்ட உடனே பல் பல்லாக உதிரும். கடிக்கிறது, ஆனால் முரண்டு பிடித்துக் கொஞ்சமாகத்தான் கடிக்கிறது என்றால் அதுதான் சரியான பதம். ஒரு எச்சரிக்கை: முதல் தள்ளை வைத்து முடிவுகட்டாதீர்கள். உலையில் பலதடவை காய்ச்சும்போது மேல் தோலில் இருக்கும் கரி எரிந்து போயிருக்கும், அந்த மெல்லிய தோல் மெத்தென்று இருக்கும். அதைத் தாண்டி இரண்டு மூன்று தள்ளு போன பிறகு என்ன உணர்கிறீர்களோ அதுதான் உண்மை. புதிதாக அடித்து வாங்கிய அரிவாள் முதல் தீட்டில் கூர் நிற்காமல், மூன்றாவது நான்காவது தீட்டிலிருந்து நன்றாக நிற்பதும் இதனால்தான்.

கிரைண்டரில் பொறி பார்த்துச் சொல்வார்கள், நானும் செய்வதுண்டு. ஆணியை வைத்தால் நீள நீளமாகக் கோடு போகும், வெடிப்பு குறைவு. பழைய அரத்தை வைத்தால் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே மத்தாப்பு மாதிரி கொத்துக் கொத்தாக வெடிக்கும். லாரிப் பட்டை நடுவில். இது கரி இருக்கிறதா என்று சொல்லும், பதம் இருக்கிறதா என்று சொல்லாது. பட்டையில் எந்த ரகம் என்றும் சொல்லாது, அதற்குச் சோதனைக்கூடத்துக்குத்தான் போக வேண்டும். செய்வதாக இருந்தால் பிடிக்குள் மறையும் வால் பகுதியில் மட்டும், கண்ணாடி போட்டுக்கொண்டு. கூரில் வைத்தால் நொடியில் நீலம் பாயும், நீலம் பாய்ந்தது என்றால் அந்த இடம் 300 டிகிரியைத் தொட்டுவிட்டது, அங்கே பதம் இறங்கிவிட்டது. இன்னொன்று, காந்தம் வைத்துப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஆணியிலும் ஒட்டும், அரத்திலும் ஒட்டும், கத்திக்குப் போடும் எவர்சில்வர் தகட்டிலும் ஒட்டும். அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

அந்தப் "பழைய உருக்கு" விஷயம். நம் பக்கம் சின்ன மண்குடுவையில் வைத்து எஃகு உருக்கினார்கள் என்பது உண்மை, ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் இரும்பு, எஃகு வேலை நடந்ததற்கான உலைகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள், இந்த வகை எஃகை 1795-லேயே லண்டனில் ஆராய்ச்சி செய்து எழுதியிருக்கிறார்கள். ஆனால் அது கட்டி கட்டியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைத்த விலையுயர்ந்த சரக்கு. முக்கால் கிலோ வெட்டரிவாள் முழுவதையும் அதில் அடித்திருக்க வாய்ப்பே இல்லை என்பது என் கருத்து. உங்கள் தாத்தா காலத்து அரிவாளில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. எலுமிச்சைச் சோதனையில் எஃகுப் பட்டை ஒட்டியது தெரிந்தால்கூட, அந்த எஃகு தண்டவாளத் துண்டாகவோ பழைய அரமாகவோ இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அதனால் அதன் மதிப்பு குறைந்துவிடாது, இரண்டும் அருமையான எஃகு.

இனி உழைக்குமா என்பது. கூரைவிட முன்னால் உடைகிற இடம் வேறு, தகடு ஒடுங்கி வாலாக மாறிப் பிடிக்குள் நுழையும் கழுத்து. பிடிக்குள் ஈரம் தங்கி, பூணுக்கு அடியில் துரு தின்றுகொண்டே இருக்கும், வெளியே தெரியாது. பூணைக் கழற்றி, பிடியை ரம்பத்தால் நீளவாக்கில் அறுத்தோ உளியால் பிளந்தோ எடுத்து, வாலைச் சுத்தம் செய்து பாருங்கள். மூன்றில் ஒரு பங்கு தடிமன் போயிருந்தால் அப்படியே பிடி போட வேண்டாம், ஓங்கும்போது தகடு பறந்து போகும், பக்கத்தில் ஆள் நிற்பார்கள். விரிசல் பார்க்க எங்கள் பட்டறையில் செய்தது இதுதான்: கழுத்தில் மண்ணெண்ணெய் தடவி அரை மணி விட்டு, துணியால் ஒட்டத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் தூளைத் தூவிவிட வேண்டும். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து வெள்ளைத் தூளில் மயிர்க்கோடு மாதிரி ஈரம் தெரியும். வெறும் துருக்கோடு என்றால் தெரியாது. தட்டிச் சத்தம் கேட்பது இதைவிட மட்டமான சோதனை, பெரிய விரிசல் என்றால் கணீரென்று இல்லாமல் தொப்பென்று கேட்கும், சின்ன விரிசலில் ஏமாற்றிவிடும். கணீர் சத்தத்தை வைத்து நல்ல எஃகு என்று சொல்வதும் சரியில்லை.

எங்களிடம் வந்த ஒரு வெட்டரிவாளைச் சொல்கிறேன், உங்களுடையது மாதிரியேதான் படத்தில் தெரிகிறது. கனம் 820 கிராம், முதுகு பிடிப் பக்கம் 8 மில்லிமீட்டர், நுனியில் 4. கொண்டுவந்தவர் "நன்றாகத்தான் இருந்தது, இப்போது கருவேல முள் வெட்டினால் கூர் மடங்கிப் போகிறது" என்றார். கூர் மடங்குவது என்பது பெரிய துப்பு. பதம் அதிகமானால் கூர் உதிரும், குறைந்தால் மடங்கும். எலுமிச்சை தடவிப் பார்த்ததில் பிடிப் பக்கத்துப் பாதியில் கூரோரமாக 6 மில்லிமீட்டருக்கு மேகம் மாதிரி கருப்பு இருந்தது, அதிகமாக வெட்டும் நுனிப் பக்கத்துப் பாதியில் ஒன்றுமே இல்லை. அரமும் அதையே சொன்னது. நுனிப் பக்கம் தீட்டித் தீட்டி பதமான பகுதி முழுக்கத் தேய்ந்துவிட்டது, அவ்வளவுதான். முதுகில் பட்டையின் உருண்டை ஓரம் இருந்தது, ஆகவே கரி உள்ள எஃகு, மறுபடி தோய்க்கலாம். இங்கே நான் முன்பு செய்த தப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய வருஷம் இதே மாதிரி ஒரு பட்டை அரிவாளை, அப்பா வெளியே போயிருந்தபோது, தண்ணீரில் தோய்த்துவிட்டேன். "டிக்" என்று ஒரு சத்தம், கூரிலிருந்து முதுகைப் பார்த்து ஒரு அங்குலத்துக்கு விரிசல். லாரிப் பட்டையில் கலந்திருக்கும் மற்றச் சரக்குகளால் அது எண்ணெயில் மெதுவாகக் குளிர்ந்தாலே பதமேறிவிடும், தண்ணீரின் வேகத்தைத் தாங்காது. அதனால் இதைக் கூர்ப்பக்கம் மட்டும் உலையில் வைத்து, காந்தம் ஒட்டாமல் போகும் சூட்டுக்கு (770 டிகிரி சுமார்) கொஞ்சம் மேலே கொண்டுபோய், ஒரு விரல் அகலம் மட்டும் எண்ணெயில் தோய்த்து எடுத்தோம். உடனே ஒரு பக்கத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கினால், முதுகில் மிச்சமிருக்கும் சூடு கூரைப் பார்த்து இறங்கும்போது நிறம் ஓடுவது தெரியும்: வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, பிறகு ஊதா, பிறகு நீலம். கூரில் பழுப்பு போய் ஊதா தொடங்கும்போது முழுசாக முக்கி நிறுத்தினோம். பிறகு வந்த வருஷங்களில் அவர் அதைத் தீட்டக் கொண்டுவந்தார், கூர் மடங்கியதாகச் சொல்லவில்லை.

உங்கள் கருக்கரிவாளுக்கு ஆயுள் கணக்கு இன்னும் சுலபம். அதன் இரண்டு முகத்தையும் பாருங்கள். ஒரு முகத்தில் மட்டும், கூரிலிருந்து மேலே சாய்வாக, நெருக்கமாகக் கோடுகள் ஏறும். பதமேற்றுவதற்கு முன்பு உளியால் ஒவ்வொன்றாக வெட்டியது அது. இன்னொரு முகம் மொழுக்கென்று இருக்கும். பல் மழுங்கினால் மொழுக்கான முகத்தை மட்டும்தான் கல்லில் வைத்துத் தேய்க்க வேண்டும், கூர் பின்வாங்கப் பின்வாங்க அந்தக் கோடுகள் புதுப் பல்லாக வெளியே வரும். தெரியாமல் கோடுள்ள முகத்தைத் தேய்த்தால் பல்லே அழிந்துவிடும், பழைய கருக்கரிவாள் பல இப்படித்தான் வீணாகின்றன. கோடு இன்னும் 3, 4 மில்லிமீட்டர் நீளம் இருந்தால் தாராளமாக அறுக்கலாம். கூரோடு கூராக முடிந்துவிட்டால், பதத்தை இறக்கி, மறுபடி கருக்கு வெட்டி, மறுபடி தோய்க்க வேண்டும். அதைச் செய்யத் தெரிந்த ஆசாரி பக்கத்தில் இருந்தால் நல்லது, இல்லையென்றால் அந்தக் கூலிக்குப் புதிது வாங்கிவிடலாம். தகட்டை நுனியில் பிடித்து ஒரு விரல் அளவு வளைத்து விடுங்கள், பழைய இடத்துக்கே துள்ளித் திரும்ப வேண்டும். வளைந்தபடியே நின்றால் பதம் இல்லை.

மண்வெட்டிக்கு இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. அதற்குக் கூர்மையைவிடத் தேய்மானம் தாங்குவதும் கல்லில் பட்டால் உடையாமல் இருப்பதும்தான் முக்கியம், அதனால் வெட்டரிவாளைவிட மெத்தென்றுதான் இருக்கும், அரம் கொஞ்சம் கடித்தால் பயப்பட வேண்டாம். படத்தில் ஒரு மூலை அதிகமாகத் தேய்ந்திருக்கிறது, அது வெட்டியவரின் கைவாக்கு, இரும்பின் குறை இல்லை. மணலில் இருக்கும் வெங்கச்சங்கல் துகள் எந்த மண்வெட்டி எஃகையும்விடக் கடினமானது, ஆகவே செம்மண், சரளை, மணல்பாங்கான நிலத்தில் வேகமாகத் தேயும், உங்கள் பக்கத்துக் களிமண்ணில் மெதுவாகத் தேயும். வருஷக்கணக்கு சொல்லச் சொன்னால் இதனால்தான் யாராலும் சொல்ல முடியாது. காம்பு நுழையும் வளையம் தகட்டோடு எப்படிச் சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். ஒரே இரும்பாக அடித்து இழுத்திருந்தால் நல்லது, தறையாணி அடித்திருந்தால் ஆணி ஆடுகிறதா பாருங்கள், வெல்டிங் என்றால் வெல்டிங் முடியும் ஓரத்தில்தான் விரிசல் விடும், அங்கே மண்ணெண்ணெய்ச் சோதனை. வளையம் நன்றாக இருந்து தகடு மட்டும் பாதி தேய்ந்திருந்தால், முனையில் பட்டைத் துண்டு வைத்து நீட்டித் தருவார்கள், அது லாபமான வேலை.

புதிது வாங்கினால் சந்தையில் பார்க்க வேண்டியது கொஞ்சம்தான். தகடு முதுகிலிருந்து கூர் வரை ஒரே தடிமனாக இருந்து, ஓரத்தில் ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் பிசிறாகவும் இருந்தால், அது தகட்டிலிருந்து மெஷினில் வெட்டி எடுத்தது. அதனாலேயே மட்டம் என்று சொல்லமாட்டேன், கருக்கரிவாளில் மெஷினில் செய்தவை சில நன்றாகவே அறுக்கின்றன. வெட்டரிவாளில்தான் முதுகிலிருந்து கூருக்கு ஒடுங்கி வருவது வேண்டும். கூர்வரைக்கும் பெயின்ட் அடித்திருந்தால் சுரண்டிப் பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். அரத்தால் கூரின் அடிப்பக்கம் ஒரு தள்ளு தள்ளிப் பார்க்க விடாத கடையில் வெட்டரிவாள் வாங்காதீர்கள்.

எலுமிச்சை தடவிய இடத்தை வேலை முடிந்ததும் நன்றாகக் கழுவி, உலர்த்தி, தேங்காயெண்ணெய் தடவிவிடுங்கள், இல்லையென்றால் மறுநாளே செந்துரு பூக்கும். அந்த மூன்று விரல் இடத்தை வெயிலில் சாய்த்து வைத்து, கூரிலிருந்து முதுகுவரை தெரிகிற மாதிரி கிட்டத்தில் ஒரு படம் எடுத்துப் போடுங்கள், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வையுங்கள். கருப்பு எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் இருக்கிறது என்று பார்த்து, தோய்க்கக் கொடுக்கலாமா அப்படியே தீட்டிப் பிடி போடலாமா என்று சொல்கிறேன்.